மாற்றுப் பேட்டரி சொன்ன நேரம் நிற்காதபோது: அறிகுறி வழியாகக் காரணம் காணும் முறை

என் சித்தப்பா மகன் தன் ரெட்மி நோட் 7 ப்ரோ கைபேசிக்கு வெளிச்சந்தைப் பேட்டரி ஒன்றைப் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. காலை 7 மணிக்கு 100 சதவீதம் காட்டிய கைபேசி, பிற்பகல் 2 மணிக்கெல்லாம் 15-க்கு இறங்கிவிடுகிறது என்று சொல்லிக் கொண்டுவந்தான். விற்ற கடைக்காரரிடம் கேட்டபோது, "ரெண்டு மூணு தடவை ஃபுல்லா இறக்கி ஃபுல்லா ஏத்துங்க தம்பி, செட் ஆயிடும்" என்றாராம். இந்தப் பதில் சில சமயம் சரியாகவும் இருக்கும். பெரும்பாலும் வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை நாளைக் கடத்துவதற்கு மட்டுமே உதவும். இரண்டில் எது என்பதைக் கைபேசியின் திரையைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது.

காரணம், திரையில் தெரியும் சதவீதம் ஒரு கணிப்பே. பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று ஒரு சில்லு எண்ணிக்கொண்டே இருக்கிறது. தன் நினைவில் உள்ள முழுக் கொள்ளளவோடு அதை ஒப்பிட்டு, மின்னழுத்தத்தையும் சரிபார்த்து, ஒரு சதவீதத்தைச் சொல்கிறது. புதிய பேட்டரியின் உண்மைக் கொள்ளளவு அந்தச் சில்லுக்குத் தெரியாது. ஐபோன்களில் இந்தச் சில்லு பேட்டரியோடு ஒட்டிய சிறு பலகையிலேயே இருப்பதால், போலிப் பலகை செய்கிறவர் "ஆரோக்கியம் 100 சதவீதம், சுழற்சி 0" என்று விரும்பியதை எழுதி அனுப்பவும் முடிகிறது. ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும், கைபேசி தன்னைப் பற்றிச் சொல்வதை ஒரு பக்கமும், வெளியிலிருந்து அளந்ததை மறு பக்கமும் வைத்துப் பார்ப்பதே கீழே வரும் முறையின் அடிப்படை.

அறிகுறி 1: சதவீதம் சீராக இறங்குகிறது, ஆனால் விரைவாக இறங்குகிறது

திடீர்த் தாவல் எதுவுமின்றி 100, 90, 80 என்று ஒழுங்காகக் குறைந்து, நேரம் மட்டும் பாதியாக இருந்தால், பேட்டரியில் இருக்கும் ஆற்றலே குறைவு அல்லது கைபேசி அளவுக்கு மீறிச் செலவழிக்கிறது. பேட்டரி மாற்றிய அதே வாரத்தில் புதிய செயலி எதுவும் வந்திருக்கிறதா, சிக்னல் பலவீனமான இடத்துக்கு வேலை மாறியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். அவை இல்லையென்றால் அளக்கலாம்.

அளக்கத் தேவைப்படுவது, சார்ஜருக்கும் கேபிளுக்கும் இடையே செருகும் யூஎஸ்பி மீட்டர். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கைபேசி தானாக அணையும்வரை பேட்டரியை இறக்கி, அரை மணி நேரம் ஆறவிட்டு, அணைந்த நிலையிலேயே 5 வோல்ட் மட்டும் தரும் சாதாரண சார்ஜரில் போட வேண்டும். வேகச் சார்ஜர் வேண்டாம். அதில் வெப்ப இழப்பு கூடுவதால் கணக்கு பிசகும். மீட்டரின் எண்ணிக்கையைச் சுழியமாக்கிவிட்டுத் தொடங்கி, மின்னோட்டம் 0.1 ஆம்பியர் அளவுக்கு இறங்கியதும் நிறுத்தி, வாட்-மணி என்ற அளவை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மில்லி ஆம்பியர் மணிக் கணக்கை ஏன் விட வேண்டும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் நல்ல பேட்டரியைக் கெட்டதென்று தவறாகச் சொல்வதற்கு இதுவே முதற்காரணம். மீட்டர் எண்ணுவது 5 வோல்ட்டில் போகும் மின்சாரம். பேட்டரியின் உறையில் அச்சிட்டிருப்பது ஏறத்தாழ 3.85 வோல்ட்டில் உள்ள மின்சாரம். இரண்டையும் நேராக ஒப்பிட்டால், குறையே இல்லாத 4000 பேட்டரியும் மீட்டரில் சுமார் 3600 என்றே காட்டும். ஆற்றலான வாட்-மணியில் இந்தச் சிக்கல் இல்லை.

என் தம்பியின் கைபேசிக்குரிய பேட்டரி 4000 மில்லி ஆம்பியர் மணி, அதாவது 4 ஆம்பியர் மணியை 3.85 வோல்ட்டால் பெருக்கினால் 15.4 வாட்-மணி. சார்ஜரிலிருந்து புறப்படும் ஆற்றலில் சுமார் 85 சதவீதமே பேட்டரிக்குள் சேமிப்பாகிறது. எஞ்சியது கேபிளிலும் கைபேசியின் சுற்றிலும் வெப்பமாகப் போய்விடுகிறது. ஆகவே நல்ல பேட்டரியாக இருந்தால் மீட்டர் 18 வாட்-மணிக்குச் சற்று மேலாகக் காட்டியிருக்க வேண்டும். காட்டியது 12.8. அதில் 85 சதவீதம் 10.9, அதை 3.85-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2830 மில்லி ஆம்பியர் மணி. உறையில் சொன்னதில் 71 சதவீதம்தான் உள்ளே இருந்தது.

85 என்பது தோராயம். கைபேசிக்குக் கைபேசி சில புள்ளிகள் மாறும். அந்த ஐயத்தைத் தீர்க்க, அதே மாடலை வைத்திருந்த அவனுடைய நண்பனிடம், மூன்றாண்டுக்கு மேல் பயன்பட்ட அசல் பேட்டரியுள்ள கைபேசியை வாங்கி, அதே சார்ஜர், அதே கேபிள், அதே மீட்டரில் அளந்தோம். 15.3 வாட்-மணி வந்தது. அதாவது சுமார் 3380. புதிதாக வாங்கியது, மூன்றாண்டு உழைத்த பழையதைவிடக் கொள்ளளவில் குறைவு என்பதில் அதன்பின் வாதத்துக்கு இடமிருக்கவில்லை.

மீட்டர் கிடைக்காதவர்கள் கணினியில் adb என்ற ஆண்ட்ராய்டு கட்டளைக் கருவியை நிறுவி, கைபேசியின் டெவலப்பர் அமைப்புகளில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளால் இணைத்துக் கைபேசியையே கேட்டுப் பார்க்கலாம்:

```
adb shell dumpsys battery
```

இதில் `Charge counter` என்ற வரியில் வரும் எண்ணை 1000-ஆல் வகுத்தால், அந்த நேரத்தில் உள்ளதாகக் கைபேசி நினைக்கும் மில்லி ஆம்பியர் மணி கிடைக்கும். ஆனால் சில கைபேசிகள் உண்மையில் எதையும் எண்ணாமல், சதவீதத்தை உற்பத்தியாளர் சொன்ன கொள்ளளவால் பெருக்கி அங்கே எழுதிவிடுகின்றன. 90, 60, 30 ஆகிய மூன்று நிலைகளில் அந்த எண்ணைச் சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பிசிறில்லாமல் 40000 என்றே வந்தால், அது கணக்குப் பிள்ளை வீட்டிலிருந்தே எழுதிய கணக்கு; அதை நம்பிப் பயனில்லை.

குறைவு உறுதியானபின், ஏன் என்பதைப் பேட்டரியின் உடலே பெருமளவு சொல்லிவிடும். நகைத் தராசு எளிய சாட்சி. லித்தியம் செல்லில் ஆற்றல் இருப்பது அதற்குள் சுருட்டிய உலோகத் தாள்களின் மேல் பூசிய பொருளில்தான். பூச்சு குறைந்தால் எடை குறையும். எங்கள் பழைய அசல் பேட்டரி 60 கிராம் இருந்தது, புதியது 46 கிராம். நீளம், அகலம், தடிமன் மூன்றும் ஒன்றாக இருந்தும் எடை நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தால், கொள்ளளவும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்ளலாம். இதே தர்க்கத்தின் மறுபக்கம்: அசல் 4000 இருந்த இடத்தில், அதே அளவுள்ள பேட்டரியின் மேல் 5000 அல்லது 5500 என்று அச்சிட்டிருந்தால், தராசே வேண்டாம், வாங்காமல் வருவதே நல்லது. ஒரே பருமனுக்குள் கால் பங்கு கூடுதல் ஆற்றலை அடைக்கும் வித்தை அசல் உற்பத்தியாளருக்குத் தெரியாமல் போயிருக்க வாய்ப்பில்லை.

எடை சரியாக இருந்தும் கொள்ளளவு குறைந்தால், அது பெரும்பாலும் தேங்கிய சரக்கு. கைபேசி விற்பனை நின்று பல ஆண்டுகள் ஆன மாடல்களுக்கு இது அதிகம் நேரும். லித்தியம் செல் பயன்படுத்தாமல் கிடந்தாலும் முதுமையடைகிறது. நம் ஊர் வெயிலில் தகரக் கூரைக் கிடங்கில் கிடந்தால் இன்னும் விரைவாக. பேட்டரியை மாட்டிய உடனே கைபேசி காட்டும் அளவு ஒரு குறிப்பைத் தரும்: நல்ல சரக்கு ஓரளவு சார்ஜுடன், ஏறத்தாழ 20 முதல் 60 சதவீதத்துக்குள் வரும். 0 அல்லது 1 என்று வந்தால், அது நெடுநாள் கிடந்து வற்றியிருக்கிறது என்று ஐயப்படலாம்.

இந்தியாவில் விற்கும் பேட்டரியின் உறையில் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தைத் தொடர்ந்து எட்டு இலக்கப் பதிவெண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்தப் பதிவெண்ணை இட்டால் யார் பெயரில், எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது என்று தெரியும். வேறொரு பொருளின் எண்ணையோ வேறு உற்பத்தியாளரின் எண்ணையோ அப்படியே அச்சடித்திருப்பது இங்கே வெளிப்பட்டுவிடும். ஆனால் இது பாதுகாப்புத் தரத்துக்கான பதிவு. கொள்ளளவுக்கான உறுதிமொழியாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

அறிகுறி 2: 30, 40 சதவீதத்தில் திடீரென அணைகிறது

இதில் மூன்று வெவ்வேறு நோய்கள் ஒரே முகத்தோடு வருகின்றன. அணைந்த கைபேசியைச் சார்ஜரில் போடாமல் உடனே மீண்டும் இயக்கிப் பார்ப்பதே அவற்றைப் பிரிக்கும் வழி.

மீண்டும் இயங்கியதும் 1 அல்லது 2 சதவீதம் காட்டினால், அல்லது இயங்கவே மறுத்தால், பேட்டரி உண்மையாகவே காலியாகிவிட்டது. சதவீதக் கணிப்புதான் பழைய பேட்டரியின் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் சொன்ன அறிவுரை பொருந்துவது இந்த ஒரு நிலைக்கு மட்டுமே. 100 வரை ஏற்றி, அதன்பின் மேலும் ஒரு மணி நேரம் சார்ஜரிலேயே விட்டு, தானாக அணையும்வரை பயன்படுத்தி, இடையில் நிறுத்தாமல் மீண்டும் 100 வரை ஏற்ற வேண்டும். ஒன்றிரண்டு முறை செய்தால் கணிப்பு திருந்தும். திருந்துவது கணிப்பு மட்டுமே; 2830 உள்ள பேட்டரி இதனால் 4000 ஆகாது. முதல் சார்ஜை எட்டு மணி நேரம் போட வேண்டும் என்பது நிக்கல் பேட்டரிக் காலத்துப் பழக்கம், லித்தியத்துக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை.

மீண்டும் இயங்கியதும் அதே 28, 30 காட்டிச் சிறிது நேரம் ஓடினால், பேட்டரியில் மின்சாரம் இருக்கிறது, ஆனால் கேட்கும்போது போதிய வேகத்தில் வெளியே வர மறுக்கிறது. மட்டமான அல்லது முதிர்ந்த செல்லின் உள்மின்தடை கூடுதலாக இருப்பதால், கேமரா, ஃபிளாஷ் போன்றவை ஒரே நேரத்தில் அதிக மின்னோட்டத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்து, கைபேசி தாங்கும் எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. மின்னழுத்தத்தைத் திரையின் அறிவிப்புப் பட்டியிலும் காட்டும் ஏதேனும் பேட்டரிச் செயலியைத் திறந்து, 50 சதவீத அளவில், திரை மங்கலாக இருக்கும்போது ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திரை ஒளியை முழுதாக வைத்து, டார்ச்சுடன் வீடியோ பதிவைத் தொடங்கி, ஒரு நிமிடம் கழித்து, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி குறியுங்கள். நல்ல பேட்டரியில் வீழ்ச்சி 0.1 முதல் 0.2 வோல்ட்டுக்குள் இருக்கும். 0.3-ஐத் தாண்டினால் செல்லோ இணைப்போ சரியில்லை. இந்தச் சோதனையின்போது கைபேசியைக் கணினியிலோ சார்ஜரிலோ இணைக்கக் கூடாது. இணைத்தால் அளப்பது பேட்டரியின் அழுத்தமாக இராது.

செல்லா இணைப்பா என்பது மூன்றாவது கேள்வி. எவ்வளவு சதவீதம் இருந்தாலும், மேசையில் சற்றுத் தட்டினாலோ பையிலிருந்து எடுத்தாலோ அணைந்து எழுந்தால், குற்றவாளி பொருத்திய விதம். பேட்டரியின் நாடா முனையில் உள்ள கனெக்டர் மதர்போர்டின் மேல் செங்குத்தாக அமர்ந்து, விரல் நுனியால் அழுத்தும்போது மெல்லிய ஒரு சொடுக்கோடு பொருந்த வேண்டும். ஒரு முனை மட்டும் அமர்ந்து மறு முனை தூக்கியிருந்தாலும் கைபேசி இயங்கிவிடும் என்பதால் பலர் அதோடு மூடிவிடுகிறார்கள். அதிக மின்னோட்டம் அந்தக் குறுகிய தொடுமுனை வழியே போகும்போது அதுவே ஒரு மின்தடையாகி, செல் கெட்டுப்போனது போன்ற தோற்றத்தைத் தருகிறது. வெளிச்சந்தைப் பேட்டரிகளில் நாடா ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குட்டையாகவோ மடிப்பு தவறிய இடத்திலோ இருப்பதும் உண்டு. அப்போது கனெக்டர் எப்போதும் ஒரு பக்கம் இழுபட்டுக்கொண்டிருக்கும். இழுத்துப் பொருத்துவதைவிட, பேட்டரியை அதன் குழிக்குள் அந்த அளவு நகர்த்தி ஒட்டுவதே சரி. ஒட்டுவதற்கு முன்பே கனெக்டரை மாட்டிப் பார்த்து இடத்தை முடிவு செய்துகொண்டால் இந்தத் தொல்லை வராது.

கனெக்டரின் மேல் மூடும் சிறு உலோகத் தகட்டைத் திரும்ப வைக்காமல் விடுவது இன்னொரு வழக்கமான தவறு. "இது இல்லாமலும் ஓடுது" என்று பழுதுபார்ப்பவரே விட்டுவிடுவார்; நாள் போக்கில் அதிர்வால் கனெக்டர் தளரும்போது குறை பேட்டரியின் தலையில் விழும். தகட்டின் ஸ்க்ரூக்களை இடம் மாற்றிப் போடுவதும் தீங்கு. நீளமான ஸ்க்ரூ குட்டையான துளையில் இறங்கினால் மதர்போர்டின் உள்ளடுக்குத் தடங்களை அறுத்துவிடும், அதன்பின் பேட்டரியைப் பற்றிய பேச்சே தேவைப்படாது.

அறிகுறி 3: பயன்படுத்தாத இரவிலும் இறங்குகிறது

விமானப் பயன்முறையில் போட்டு எட்டு மணி நேரம் விடுங்கள். 2 முதல் 4 சதவீதம் வரை குறைவது இயல்பு. 10-க்கு மேல் குறைந்தால், அடுத்த இரவு கைபேசியை முற்றிலும் அணைத்துவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். லித்தியம் செல் தானாக இழப்பது மாதத்துக்குச் சில சதவீதமே. அணைந்த நிலையிலும் ஓர் இரவில் 5, 6 சதவீதம் போனால், செல்லுக்குள் கசிவு இருக்கிறது அல்லது மதர்போர்டில் எங்கோ மின்சாரம் ஒழுகுகிறது. பழைய பேட்டரியைத் தற்காலிகமாக மாட்டி, மூன்றாம் இரவும் பார்த்தால் இரண்டில் எது என்பது தெரிந்துவிடும். அணைத்தபோது இழப்பில்லாமல், இயங்கும்போது மட்டும் இருந்தால் குறை மென்பொருளில். பேட்டரியைத் திருப்பிக் கொடுத்துப் பயனில்லை.

அறிகுறி 4: சார்ஜ் ஏறும் விதமே விசித்திரமாக இருக்கிறது

மிக மெதுவாக ஏறுவது, 80, 90-இல் நின்றுவிடுவது, வேகச் சார்ஜ் வேலை செய்யாமல் போவது ஆகியவை பெரும்பாலும் பேட்டரியின் சிறு பலகையிலிருந்து பிறப்பவை. பல கைபேசிகள் அந்தப் பலகையில் உள்ள ஓர் அடையாள மின்தடையைப் படித்து, இது எந்தப் பேட்டரி, எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்று முடிவு செய்கின்றன. மதிப்பு பொருந்தாவிட்டால் பாதுகாப்புக்காகக் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும்.

இதைவிடக் கவலைக்குரியது மின்னழுத்த எல்லை. இன்றைய கைபேசிகள் பல 4.4 வோல்ட் வரை ஏற்றுகின்றன. அசல் உறையில் சார்ஜ் எல்லை என்ற இடத்தில் அது அச்சிட்டிருக்கும். மலிவான பேட்டரிக்குள் 4.2 வோல்ட் வகைச் செல் இருந்தால், காப்புப் பலகை நடுவிலேயே துண்டித்துவிடும், சதவீதம் 100-ஐ எட்டாது. காப்புப் பலகையும் ஒப்புக்கு வைத்ததென்றால் துண்டிப்பதற்கு ஆளில்லை. செல் நாள்தோறும் தன் எல்லையைத் தாண்டி ஏறி, சில மாதங்களில் உப்பும்.

வெப்பநிலையையும் ஒரு முறை பாருங்கள். மேலே தந்த கட்டளையின் விடையில் `temperature` என்ற வரி பத்தில் ஒரு பாகை அளவில் வரும்; 331 என்றால் 33.1 பாகை செல்சியஸ். அரை மணி நேரம் வீடியோ ஓட்டி, கைபேசி கையில் சுடும்போதும் அது 250 என்றே அசையாமல் நின்றால், வெப்பநிலை உணரிக்குப் பதிலாக ஒரு சாதாரண மின்தடையைப் பற்றவைத்து ஏமாற்றியிருக்கிறார்கள். அந்தப் பேட்டரி எத்தனை மணி நேரம் நின்றாலும் கைபேசியில் இருக்கக் கூடாது, ஏனெனில் சூடு கூடும்போது சார்ஜை நிறுத்தச் சொல்லும் ஆள் அங்கே இல்லை.

அறிகுறி 5: பின்மூடி தூக்குகிறது, திரையின் ஓரத்தில் ஒளி கசிகிறது

இதற்குச் சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜ் போடுவதை நிறுத்தி, கைபேசியை அணைத்து, கழற்றக் கொடுத்துவிட வேண்டும். செல் தானாகவும் உப்பியிருக்கலாம், பொருத்தியபோது காயப்பட்டும் இருக்கலாம். பழைய பசையின் கட்டிகளைச் சுரண்டாமல் அவற்றின் மேலேயே புதியதை அழுத்தி ஒட்டுவது, புதியதன் விளிம்பு மடங்கும்படி குழிக்குள் திணிப்பது, இடம் சரியில்லை என்று உலோக நெம்பியால் ஒட்டியதைக் கிளப்பி மறுபடி ஒட்டுவது ஆகிய மூன்றும் உள்ளே இருக்கும் தாள்களை நசுக்கக்கூடியவை. ஒருமுறை வளைந்த பை வகைச் செல்லைத் தட்டி நேராக்கிப் பயன்படுத்துவது கூடவே கூடாது. கிளப்பியே ஆக வேண்டுமென்றால் சார்ஜை 25-க்குக் கீழ் இறக்கிவிட்டு, ஓரத்தில் சில துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுப் பசை இளகியபின் பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல எடுக்க வேண்டும். கழற்றியதை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்க்க வேண்டும்.

எங்கள் கதைக்குத் திரும்பினால், மீட்டரின் நிழற்படமும் இரண்டு பேட்டரிகளைத் தராசில் வைத்த நிழற்படமும் கடைக்காரரிடம் நீண்ட பேச்சுக்கு இடம் வைக்கவில்லை. சற்றுக் கூடுதல் விலையுள்ள வேறொன்றை வித்தியாசத் தொகை மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்தார். இந்த முறை பின்மூடியைப் பசையிட்டு மூடாமல், இரண்டு துண்டு டேப்பில் நிறுத்திவைத்தே முழுச் சோதனையையும் செய்தோம். எடை 59 கிராம். மீட்டர் 17.4 வாட்-மணி காட்டியது. கணக்கில் சுமார் 3840. வெப்பநிலை 29-இலிருந்து 37 வரை ஏறி இறங்கியது. மறுநாள் காலைதான் மூடியை ஒட்டினோம்.